ஆண்டின் நடுவில் மாறும் பட்ஜெட்

2022-ஆம் ஆண்டு மே 21 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். உர மானியத்துக்குப் பட்ஜெட்டில் ஒதுக்கிய 1.05 லட்சம் கோடி ரூபாயோடு, மேலும் 1.10 லட்சம் கோடி ரூபாய் தரப்படும் என்றார். அந்த பட்ஜெட் நாடாளுமன்றத்தில் நிறைவேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு துறையின் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

அப்போது நாடாளுமன்றம் நடந்துகொண்டிருக்கவில்லை. கூட்டத்தொடர் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது, அடுத்தது ஜூலையில்தான். உர மானியத்துக்கான கூடுதல் பணத்துக்கு நாடாளுமன்றத்திடம் அனுமதி கேட்டதோ அந்த ஆண்டு டிசம்பரில். மே மாதம் அறிவிப்பு, டிசம்பரில் அனுமதி. நடுவிலிருந்த ஏழு மாதமும் உரக் கம்பெனிகளுக்கு மானியம் போய்க்கொண்டிருந்தது. அது சட்டப்படி எப்படி நடந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், பிப்ரவரியில் வாசிக்கப்படும் பட்ஜெட் உரைக்கும் மார்ச் கடைசியில் கஜானாவிலிருந்து உண்மையில் போன பணத்துக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்பது புரிந்துவிடும். அந்த இடைவெளியில் வேலை செய்பவை மூன்று ஏற்பாடுகள்: முன்பண மானியம், துணை மானியம், மறு ஒதுக்கீடு.

சட்டம் இல்லாமல் பணம் இல்லை

முதலில் அடிப்படை விதி. மத்திய அரசுக்கு வரும் வரி, கடன், இதர வருவாய் எல்லாம் தொகுப்பு நிதியம் என்ற ஒரே கணக்கில் சேர்கின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இதேபோல் ஒரு தொகுப்பு நிதியம் உண்டு. சட்டத்தின் மூலம் ஒதுக்கப்படாமல் அந்த நிதியத்திலிருந்து எந்தப் பணத்தையும் எடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டம். மத்திய அரசுக்கு இதைச் சொல்வது 114-ஆம் பிரிவு. மாநிலங்களுக்கு 204-ஆம் பிரிவு. பிரதமரோ முதல்வரோ மேடையில் அறிவித்தால் மட்டும் போதாது. அமைச்சரவை முடிவெடுத்தாலும் போதாது.

நிதியமைச்சர் வாசிக்கும் உரையும் பணத்தைத் திறந்துவிடும் சாவி அல்ல. உரைக்குப் பிறகு ஒவ்வொரு துறையும் தனித்தனியாக மானியக் கோரிக்கை வைக்கிறது. அவற்றின் மீது வாக்கெடுப்பு நடக்கிறது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றப்படுகிறது. அந்தச் சட்டம் வந்த பிறகே பணம் எடுக்க உரிமை பிறக்கிறது.

அந்த உரிமைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று காலம்: மார்ச் 31 நள்ளிரவோடு அனுமதி காலாவதியாகிவிடும். செலவழிக்காத பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. இன்னொன்று இடம்: ஒரு மானியக் கோரிக்கைக்குத் தரப்பட்ட பணத்தை வேறொரு மானியக் கோரிக்கையின் கீழ் செலவழிக்க முடியாது. வேளாண்மைக்கு வாக்களித்த பணம் நெடுஞ்சாலைக்குப் போகாது. கால எல்லைக்குப் பதில் சொல்ல வந்தது முன்பண மானியம். தொகையும் இடமும் போதாமல் போகும்போது உதவுபவை துணை மானியமும் மறு ஒதுக்கீடும்.

தேர்தல் ஆண்டின் முதல் நான்கு மாதம்

ஏப்ரல் 1 அன்று முழு பட்ஜெட் நிறைவேறியிருக்காவிட்டால் ஆசிரியர்களுக்குச் சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கு வட்டி எல்லாம் நின்றுவிடும். அப்படி நிற்காமலிருக்க, ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டும் செலவழிக்க முன்கூட்டியே அனுமதி வாங்குவதுதான் முன்பண மானியம். ஆங்கிலச் செய்திகளில் வோட் ஆன் அக்கவுண்ட் என்று வருவது இதுதான். மத்திய அரசுக்கு 116-ஆம் பிரிவும் மாநிலங்களுக்கு 206-ஆம் பிரிவும் இதற்கு வழி செய்கின்றன.

இடைக்கால பட்ஜெட்டையும் முன்பண மானியத்தையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். இடைக்கால பட்ஜெட் என்பது முழு ஆண்டின் வரவு செலவு பற்றிய மதிப்பீட்டு அறிக்கை. முன்பண மானியம் என்பது அந்த ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் பணம் எடுக்கத் தரப்படும் சட்ட அனுமதி. முதலாவது ஆவணம், இரண்டாவது அதிகாரம்.

2019-ஐ எடுத்துக்கொள்வோம். மக்களவைத் தேர்தல் வரவிருந்ததால் பிப்ரவரி 1 அன்று பியூஷ் கோயல் இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதச் செலவுக்கு முன்பண மானியம் பெறப்பட்டது. மே 23 அன்று தேர்தல் முடிவுகள் வந்தன. ஜூலை 5 அன்று நிர்மலா சீதாராமன் முழு பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அம்மாத முடிவுக்குள் முழு ஆண்டுக்கான அனுமதியும் கிடைத்தது. நான்கு மாதம் என்றால் பொதுவாக ஆண்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் எல்லாத் துறைக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எந்த மாதத்தில் எந்தச் செலவு வரும் என்பதைப் பார்த்துச் சில கோரிக்கைகளில் கூடுதலாகவும் கேட்கப்படும்.

முன்பண மானியத்தில் துறை வாரியாக நீண்ட விவாதம் நடப்பதில்லை. முழு ஆண்டுக் கோரிக்கை பிறகு வரும், அப்போது விவாதிக்கலாம் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதனால்தான் ஏற்கெனவே நடந்துவரும் பணிகளைத் தொடர்வதற்கு மட்டுமே இந்த அனுமதி, புதிய திட்டங்களுக்கு அல்ல என்ற மரபு இருக்கிறது. வெளியேறவிருக்கும் அரசு, வரப்போகும் அரசின் கையைக் கட்டக் கூடாது என்பது அதன் உள்பொருள்.

மரபு மீறப்படுவதும் உண்டு. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம் அதே 2019 இடைக்கால பட்ஜெட்டில்தான் அறிவிக்கப்பட்டது. முந்தைய டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வருவதாகவும் சொல்லப்பட்டது. முடியவிருந்த ஆண்டின் திருத்திய மதிப்பீட்டிலேயே அதற்கு 20,000 கோடி ரூபாய் காட்டப்பட்டது. பிப்ரவரி 24 அன்று முதல் தவணை விவசாயிகளின் கணக்குக்குப் போனது. சட்டப்படி இதில் தவறு இல்லை. ஆனால் மரபு என்பது சட்டம் அல்ல, ஆள்பவர் மதித்தால் மட்டுமே நிற்பது என்பதை இது காட்டியது.

தமிழகத்திலும் தேர்தல் ஆண்டுகளில் இதே வழிதான். 2021 பிப்ரவரி 23 அன்று ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். மே 7 அன்று புதிய அரசு பொறுப்பேற்றது. திருத்திய பட்ஜெட்டை பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்தது ஆகஸ்ட் 13 அன்று. இடைப்பட்ட மாதங்களில் புதிய அரசு அன்றாடச் செலவை நடத்தியது பழைய சட்டமன்றம் தந்த அனுமதியை வைத்துத்தான். ஆட்சி மாறினாலும் அனுமதி சட்டமன்றத்தின் பெயரில் நிற்கிறது. கட்சியின் பெயரில் அல்ல.

தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் ஒருகாலத்தில் முன்பண மானியம் வழக்கமாக இருந்தது. 2016 வரை மத்திய பட்ஜெட் பிப்ரவரி கடைசியில் வந்தது. மானியக் கோரிக்கைகள் நிறைவேற மே மாதம் ஆனது. ஆகவே ஆண்டுதோறும் இரண்டு மாதச் செலவுக்கு, அதாவது ஆறில் ஒரு பங்குக்கு, முன்பண மானியம் வாங்கினார்கள். முழு அனுமதி கைக்கு வந்து டெண்டர் விட்டு வேலையைத் தொடங்குவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். 2017 முதல் பட்ஜெட் நாள் பிப்ரவரி 1-க்கு மாற்றப்பட்டதன் முக்கியக் காரணம் இதுதான். மார்ச் 31-க்குள் எல்லாம் நிறைவேறிவிடுவதால், சாதாரண ஆண்டுகளில் மத்திய அரசுக்கு இப்போது முன்பண மானியம் தேவைப்படுவதில்லை.

இந்த ஏற்பாடு எதைத் தடுக்கிறது என்பதை அறிய இலங்கையின் 2020-ஐப் பார்க்கலாம். அங்கே நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதிபர் தேர்தலையொட்டி, 2020-இன் முதல் நான்கு மாதங்களுக்கு மட்டும் இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேற்றியிருந்தார்கள். மார்ச் 2 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. கொரோனாவால் தேர்தல் ஆகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. இடையில் நாடாளுமன்றமே இல்லாத நிலையில், அந்நாட்டு அரசியலமைப்பின் 150(3)-ஆம் பிரிவைக் காட்டி அதிபரின் ஆணைப்படி பணம் எடுக்கப்பட்டது. ஆகஸ்டில் மீண்டும் ஓர் இடைக்காலக் கணக்கறிக்கை வந்தது. 2020-க்கான ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேறியது அந்த ஆண்டின் நவம்பரில். ஏறக்குறைய ஒரு முழு ஆண்டின் செலவு முடிந்த பிறகு, அந்தச் செலவுக்கான பட்ஜெட் வந்து சேர்ந்தது. பத்து மாதங்களுக்கு மேல் எந்தத் துறையின் செலவையும் முழுமையாக எடுத்துவைத்து விவாதிக்க மக்கள் பிரதிநிதிகளுக்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

உரம் கற்றுத்தரும் பாடம்

இப்போது 2022-க்கு வருவோம். ஒரு மூட்டை யூரியா, 45 கிலோ, விவசாயிக்கு சுமார் 267 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த விலையை அரசு நிர்ணயித்து வைத்திருக்கிறது. உற்பத்தி அல்லது இறக்குமதிச் செலவுக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கம்பெனிக்குத் தருகிறது. கடையில் விற்பனைக் கருவியில் மூட்டை பதிவான பிறகு கம்பெனி பில் அனுப்பும். ஆக, மானியம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பட்ஜெட் அல்ல, உலகச் சந்தை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் இயற்கை எரிவாயு விலையும் உர விலையும் ஏறின. யூரியாவுக்கு விவசாயி தரும் விலை ஏறவில்லை. அந்த ஏற்றம் அரசின் தலையில் விழுந்தது.

பட்ஜெட்டில் இருந்தது 1.05 லட்சம் கோடி. இது பன்னிரண்டு மாதத்துக்கான தொகை. ஆனால் அதைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து மாதம் ஒரு பங்குதான் எடுக்க வேண்டும் என்று ஒதுக்கச் சட்டம் சொல்வதில்லை. நிதித்துறை தன் பணப்புழக்கத்தைக் கருதி மாதாந்திர, காலாண்டு வரம்புகளை விதிக்கும். அவசியம் வந்தால் அவற்றைத் தளர்த்தும். எனவே ஆண்டுத் தொகையை முன்கூட்டியே வேகமாகச் செலவழிக்க முடியும். மே மாத அறிவிப்புக்குப் பிறகு ஏழு மாதம் நிலைமையைச் சமாளிக்க முடிந்தது இதனால்தான். மே அறிவிப்பு வெறும் வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நம்பி, டிசம்பர், ஜனவரிக்கான பணம் முன்னதாகவே செலவானது. அது தீரும் முன் நாடாளுமன்றத்திடம் போக வேண்டும்.

போனார்கள். 2022 டிசம்பரில் அந்த ஆண்டின் முதல் துணை மானியக் கோரிக்கை வந்தது. 115-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது, மாநிலங்களுக்கு 205. உரத்துக்கு மட்டும் சுமார் 1.09 லட்சம் கோடி ரூபாய் கேட்டார்கள். இலவச உணவு தானியத் திட்டம் நீட்டிக்கப்பட்டதால் உணவுத் துறைக்குச் சுமார் 80,000 கோடி. எல்லாத் துறைக்கும் சேர்த்துக் கேட்ட தொகை 4.36 லட்சம் கோடி. அதுவும் போதவில்லை. 2023 மார்ச்சில் இரண்டாவது துணை மானியக் கோரிக்கையில் உரத்துக்கு மேலும் சுமார் 36,000 கோடி. மூன்றையும் கூட்டினால் 2.5 லட்சம் கோடி. அந்த ஆண்டு உர மானியத்துக்கு இறுதியில் ஆன செலவும் ஏறக்குறைய அதுவே. தொடக்கத்தில் சொன்ன தொகையைப்போல் ஏறக்குறைய 2.4 மடங்கு.

இதைப் படிக்கும் எவரும் கேட்பார்கள்: இத்தனை லட்சம் கோடி கூடினால் பற்றாக்குறையும் அதே அளவுக்கு எகிறியிருக்க வேண்டுமே? எகிறவில்லை. டிசம்பரில் கேட்ட 4.36 லட்சம் கோடியில், கஜானாவிலிருந்து கூடுதலாக வெளியே போகும் ரொக்கம் 3.26 லட்சம் கோடிதான் என்று அரசே சொன்னது. மீதி 1.10 லட்சம் கோடி, அதே துறைகளில் மிச்சமாகும் தொகையாலும் கூடுதல் வரவாலும் ஈடுகட்டப்படும். மார்ச் கோரிக்கையில் ரொக்கச் செலவு மேலும் சுமார் 1.48 லட்சம் கோடி. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 4.7 லட்சம் கோடி. ஆனால் மத்திய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 39.45 லட்சம் கோடியிலிருந்து 41.87 லட்சம் கோடிக்குத்தான் உயர்ந்தது. கூடியது 2.4 லட்சம் கோடி.

மிச்சம் எங்கே போனது? வேறு துறைகளில் செலவழிக்கப்படாமல் நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பணத்தை நேராக உரத்துக்குத் திருப்பிவிட முடியாது. ஒரு மானியக் கோரிக்கையிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தடை இருக்கிறது. அதனால் உரத்துறை நாடாளுமன்றத்திடம் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். மற்றத் துறைகள் தங்கள் மிச்சத்தை நிதித்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கூடும் பக்கம் நாடாளுமன்றத்துக்கு வருகிறது. குறையும் பக்கம் வருவதில்லை. துணை மானியக் கோரிக்கையில் எந்தத் துறைக்குக் கூடியது என்று பார்க்கலாம். எந்தத் திட்டத்தின் செலவு அதற்காகச் சுருக்கப்பட்டது என்பது அந்தப் புத்தகத்தில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள அடுத்த பிப்ரவரியில் வரும் திருத்திய மதிப்பீடுவரை காத்திருக்க வேண்டும்.

துணை மானியம் கேட்பதே கெட்ட நிர்வாகம் என்று நினைக்க வேண்டியதில்லை. கேட்காமல் விடுவது சில சமயம் அதைவிட மோசம். உணவு மானியத்தின் கதை இதற்குச் சான்று. பல ஆண்டுகள் பட்ஜெட்டில் குறைவாக ஒதுக்கிவிட்டு, மீதியை இந்திய உணவுக் கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிச் சமாளிக்கும்படி விட்டார்கள். செலவு நடந்தது, ஆனால் பட்ஜெட்டில் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் அந்தக் கடனை அடைத்துக் கணக்கை நேராக்கியபோது, 2020-21-இன் உணவு மானியம் 1.16 லட்சம் கோடியிலிருந்து 4.23 லட்சம் கோடியாக ஏறியது. அதில் கொரோனாக்கால இலவச தானியமும் உண்டு. பழைய கடனும் உண்டு. நாடாளுமன்றத்தின் முன் வந்து கூடுதல் பணம் கேட்கும் அரசு, தன் செலவைக் கண்முன் வைக்கிறது. அந்த அளவில் அது நேர்மையான வழி.

அவை கூடாத நேரத்தில் தாமதிக்கவே முடியாத செலவு வந்தால் எதிர்பாராச் செலவு நிதியம் கைகொடுக்கும். மத்திய அரசிடம் அது 500 கோடியாக இருந்தது. 2021-இல் 30,000 கோடியாக உயர்த்தப்பட்டது. அதிலிருந்து எடுப்பது முன்பணம் மட்டுமே. அடுத்த கூட்டத்தொடரில் துணை மானியம் பெற்று அந்த நிதியத்தை மீண்டும் நிரப்ப வேண்டும். தமிழக அரசின் ஆணைகளைப் படிப்பவர்கள் இதைக் கவனித்திருக்கலாம்: ஒரு செலவு ‘புதுப்பணி’ என்றால், அதற்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் துணை மதிப்பீடுகள் மூலம் உரிய காலத்தில் பெறப்படும் என்ற பொருளில் கடைசிப் பத்திகளில் ஒரு வரி இருக்கும். சட்டமன்றம் இன்னும் பார்க்காத செலவு அது என்பதற்கு அந்த வரியே அடையாளம்.

அதிகாரியின் கையெழுத்தில் நகரும் பணம்

மூன்றாவது வழியான மறு ஒதுக்கீட்டுக்கு அவையின் வாக்கெடுப்பே தேவையில்லை. ஒரே மானியக் கோரிக்கைக்குள், ஒரு தலைப்பில் மிச்சமாகும் பணத்தை, பற்றாக்குறையாக இருக்கும் இன்னொரு தலைப்புக்கு நிர்வாக ஆணை மூலம் மாற்றுவதுதான் அது. மொத்தத் தொகை மாறாது. உள்ளே இருக்கும் பங்கு மாறும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மாநிலத்தின் சுகாதாரத் துறையில் செவிலியர் சம்பளத்துக்கு 500 கோடி, மருந்து வாங்க 300 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலியிடங்கள் நிரப்பப்படவில்லை, சம்பளத்தில் 60 கோடி மிச்சம். டெங்கு பரவி மருந்துக்கு 340 கோடி தேவைப்படுகிறது. துறை விண்ணப்பிக்கிறது, அதிகாரமுள்ள அலுவலரோ நிதித்துறையோ ஆணை இடுகிறது, 40 கோடி நகர்கிறது. மீதி 20 கோடி ஒப்படைக்கப்படுகிறது. டெங்கு காலத்தில் இது ஒரு கூட்டத்தொடருக்காகக் காத்திருந்தால் மக்கள் தவித்துப்போவார்கள். அதனால் இந்த அதிகாரம் தேவை.

ஆனால் இதற்கு வேலிகள் உண்டு. முதலீட்டுச் செலவுக்கான பணத்தை அன்றாடச் செலவுக்கு மாற்றக் கூடாது. கட்டடம் கட்ட வாங்கிய பணம் சம்பளமாக மாறாது. வாக்கெடுப்புக்கு உட்பட்ட செலவுக்கும், நீதிபதிகளின் சம்பளம், கடன் வட்டிபோல் வாக்கெடுப்பு தேவையில்லாத செலவுக்கும் இடையே பணம் நகரக் கூடாது. மார்ச் 31-க்குப் பிறகு மறு ஒதுக்கீடு செல்லாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவை அறியாத புதுப்பணியை மறு ஒதுக்கீட்டால் தொடங்கக் கூடாது.

இந்தக் கடைசி வேலியிலிருந்து ஒரு விசித்திரமான நடைமுறை பிறந்திருக்கிறது. ஒரு துறை புதுப்பணி ஒன்றைத் தொடங்க விரும்புகிறது. அதற்கான பணம் அதே மானியத்துக்குள் மிச்சமாக இருக்கிறது. பணம் தேவையில்லை, அவையின் ஒப்புதல் மட்டும் தேவை. அப்போது அடையாளத் தொகை ஒன்றைத் துணை மானியமாகக் கேட்பார்கள். மத்திய அரசில் அந்தத் தொகை ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் ரூபாய். அந்த ஒரு லட்சத்துக்கு அவை தலையசைத்தால், பின்னால் பல கோடி ரூபாயை மறு ஒதுக்கீடு செய்யலாம். துணை மானியப் புத்தகத்தில் எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தெரியும். பக்கத்தில் உள்ள விளக்கக் குறிப்பைப் படிப்பவருக்கே முழுத் தொகை தெரியும். ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்க வேண்டிய இடம் பெரும்பாலும் இந்தச் சின்னத் தொகைகள்தான்.

மூன்று எழுத்தில் முழுக்கதை

இந்த வழிகள் எப்போது கெட்டுப்போகின்றன என்பதை எப்படி அறிவது? நிதியாண்டு முடிந்த பிறகு ஒவ்வொரு அரசுக்கும் நிதி ஒதுக்கக் கணக்குகள் என்ற தொகுதி தயாராகிறது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் சான்றோடு அது நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்கப்படுகிறது. இணையத்திலும் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஓ என்பது பட்ஜெட்டில் முதலில் தந்த தொகை. எஸ் என்பது துணை மானியம். ஆர் என்பது மறு ஒதுக்கீடு. அடுத்து மொத்தம், உண்மையான செலவு, மிச்சம் அல்லது மிகை.

இந்த வரிசையைப் படிக்கப் பழகினால் மூன்று கோளாறுகளை எவரும் கண்டுபிடிக்கலாம். உண்மைச் செலவு ஓ தொகையைக்கூட எட்டவில்லை, ஆனால் எஸ்-இல் பெரிய தொகை இருக்கிறது என்றால், அந்தத் துணை மானியமே தேவையில்லாதது. துறை தன் செலவை முழுசாகக் கணக்கிடாமலேயே அவையிடம் வந்து கேட்டிருக்கிறது. வேறொரு துறைக்கு உதவியிருக்கக்கூடிய இடத்தை அது வீணாக அடைத்துவைத்தது. மத்திய, மாநிலத் தணிக்கை அறிக்கைகளில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் குறை இது.

இரண்டாவது, ஆர்-இல் பணத்தைக் கூட்டியிருக்கிறார்கள், ஆனால் அந்தத் தலைப்பில் முடிவில் பெரிய மிச்சம். அல்லது ஆர்-இல் பணத்தைக் குறைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே செலவு மிகையாகியிருக்கிறது. மார்ச் கடைசி நாளில், நடந்த செலவுக்குப் பொருத்தமாகத் தாளில் எண்களைச் சரிக்கட்டப் பார்த்து, அதிலும் தவறியிருக்கிறார்கள் என்று பொருள். மறு ஒதுக்கீடு திட்டமிடும் கருவியாக இல்லாமல் பூச்சு வேலையாக மாறியதன் அறிகுறி இது.

மூன்றாவதுதான் மிகக் கடுமையானது. மூன்றையும் கூட்டிய மொத்தத்தையும் ஒரு மானியத்தின் செலவு தாண்டிவிட்டால், அந்த மிகைத் தொகைக்குச் சட்டத்தின் அனுமதியே இல்லை. மருந்துக்கான செலவாக இருந்தாலும் சரி, சாலைக்கான செலவாக இருந்தாலும் சரி, 114-ஆம், 204-ஆம் பிரிவுகள் தடுத்த செயல் நடந்துவிட்டது. இதைச் சீர்செய்ய ஒரே வழி, பொதுக் கணக்குக் குழு ஒவ்வொரு வழக்கையும் விசாரித்துப் பரிந்துரைத்த பிறகு, அவை மிகை மானியமாக அதற்கு ஒப்புதல் தருவது. பல மாநிலங்களில் இப்படி ஒப்புதல் பெறாத மிகைச் செலவுகள் ஆண்டுக்கணக்கில் தேங்கியிருப்பதாகத் தணிக்கை அறிக்கைகள் சொல்கின்றன. அப்படித் தேங்கும்போது, அவையின் அனுமதி என்பது செலவுக்கு முன் பெறும் உரிமையாக இல்லாமல், பல ஆண்டு கழித்துப் போடும் முத்திரையாகிவிடுகிறது.

இந்த மூன்று ஏற்பாடுகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். முன்பண மானியத்தைப் பற்றி நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. துணை மானியம் உள்பக்கத்தில் ஒரு பத்தி. மறு ஒதுக்கீடு கோப்பிலேயே நின்றுவிடுகிறது. பணம் எங்கே நகர்கிறது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவையிலிருந்து விலக விலக, மக்கள் கண்ணில் படுவதும் குறைகிறது. நெகிழ்வு அரசுக்கு வேண்டும். போர் வரும், நோய் வரும், உர விலை ஏறும். ஆனால் நெகிழ்வுக்கு விலையாக அரசு தர வேண்டியது விளக்கம். துணை மானியத்தோடு, எந்தத் திட்டத்தில் மிச்சம் பிடித்து இதைத் தருகிறோம் என்ற பட்டியலையும் அவையில் வைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. உறுப்பினர்கள் கேட்டாலே போதும். நம் தொகுதி உறுப்பினர் பட்ஜெட் நாளில் என்ன பேசினார் என்பதோடு, டிசம்பரில் துணை மானியம் வந்தபோது என்ன கேட்டார் என்பதையும் நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.